எந்நாளும் கழிவு என்றால், எது உண்மை விலை?



பெருநாள் முடிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. நம்மூர் பிரதான வீதியில் உள்ள புடவைக் கடைகளின் கண்ணாடிகளில் "25 வீதம் கழிவு, இறுதி மூன்று நாட்கள்" என்ற பதாகைகள் இன்னும் தொங்குகின்றன. சிலவற்றின் சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்தே போய்விட்டது. அந்த "இறுதி மூன்று நாட்கள்" எப்போது தொடங்கியது என்று கடைக்காரருக்கே ஞாபகம் இருக்காது.

கழிவு கொடுப்பது பாவமல்ல. ஆனால் "எங்களுடையது உயர்தரம், அதனால்தான் இந்த விலை" என்று சொல்லிக் கடை திறந்த ஒருவர் வருடம் முழுக்கக் கழிவு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நம் சகோதரர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது குறைவு. உயர்தர வகுப்பில் விலையிடல் பாடம் நடத்தும்போது நாங்கள் சொல்லிக் கொடுக்கும் ஓர் உண்மைக் கணக்கு இது. எங்களிடம் படித்த ஒரு தம்பியின் அபாயாக் கடைக் கணக்கு. அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறோம்.

தம்பி நல்ல நிதாத் துணியில், கைவேலைப்பாட்டோடு அபாயா தைத்து 12,000 ரூபாவுக்கு விற்றார். துணி, தையல்கூலி, வேலைப்பாடு, பொதி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 7,500 ரூபா அடக்கம். மிச்சம் 4,500. மாதம் 40 அபாயா போகும். அதாவது 180,000 ரூபா. கடை வாடகை, மின்சாரம், பெடியனின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான்.

முதல் வருடம் கழிவே இல்லை. நீளம் கூடினால் இலவசமாகக் குறைத்துக் கொடுப்பார். தையல் பிரிந்தால் திருப்பி வாங்கித் தைத்துக் கொடுப்பார். "விலை கூடத்தான், ஆனால் சாமான் அப்படி" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருடம் பக்கத்தில் இன்னொரு கடை வந்தது. பயத்தில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு 10 வீதம் குறைத்தார். கூட்டம் வந்தது. பிறகு பாடசாலை விடுமுறைக்கு 20 வீதம். பிறகு கடையின் ஆண்டு நிறைவுக்கு 25 வீதம். அதன் பிறகு அந்த 25 இறங்கவே இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12,000இல் 25 வீதம் கழித்தால் 9,000. அடக்கம் அதே 7,500. மிச்சம் 1,500. விலை குறைந்தது கால்பங்குதான், ஆனால் இலாபம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. பழைய 180,000 ரூபாவை எடுக்க வேண்டுமென்றால் 40 அல்ல, 120 அபாயா விற்க வேண்டும். அவர் விற்றது 70. கடையில் சனம் நிறைந்திருந்தது, கையில் வந்தது 105,000. "சேர், நிற்க நேரமில்லாமல் யாவாரம் நடக்குது, ஆனால் மாதக் கடைசியில் காசு இல்லை" என்று அவர் வந்து சொன்னபோது அவருக்கே காரணம் புரியவில்லை.

அடுத்து நடந்ததுதான் பெரிய சேதம். இலாபம் இறங்கியதும் அவர் அடக்கத்தில் கை வைத்தார். ஒரு படி குறைந்த துணி. கைவேலைக்குப் பதிலாக மெஷின் வேலை. இலவசமாக நீளம் குறைத்துக் கொடுப்பதும் நின்றது. அடக்கம் 6,500க்கு வந்தது. பத்துத் தரம் கழுவியதும் கறுப்பு நிறம் சாம்பலாகத் தொடங்கியது. எந்தத் தரத்தைச் சொல்லி விலையைக் கேட்டாரோ, அந்தத் தரத்தைக் கழிவு தின்றுவிட்டது. பெரும்பாலான உயர்தரப் பெயர்கள் உள்ளிருந்து இடிவது இந்த வழியில்தான்.

வெளியிலிருந்து இடிவது இன்னொரு வழி. ஓர் அபாயாவைக் கடையில் தொட்டுப் பார்த்து, அது இரண்டு வருடம் நிறம் மாறாமல் இருக்குமா என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? முடியாது. கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அத்தர், தேன், தங்கமுலாம் நகை, கணினி வகுப்பு எல்லாம் இதே ரகம். வாங்கும்போது தரத்தை நேரில் காண முடியாத இடத்தில் வாடிக்கையாளர் சாட்சி தேடுகிறார். அங்கே விலையே ஒரு சாட்சி. "இவ்வளவு கேட்கிறாரே, கேட்டும் இறங்கவில்லையே, ஏதோ இருக்க வேண்டும்" என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சாட்சி வருடம் முழுக்க 9,000 என்று சொன்னால், சனத்தின் மனதில் அந்த அபாயாவின் பெறுமதி 9,000தான். அட்டையில் உள்ள 12,000ஐ யாரும் நம்புவதில்லை. பிறகு ஒருநாள் கழிவை எடுத்தால் "பழைய விலைக்கு வந்துவிட்டார்" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "விலையைக் கூட்டிவிட்டார்" என்றுதான் சொல்வார்கள்.

முழு விலை கொடுத்தவர்களையும் நினையுங்கள். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு 12,000 கொடுத்து வாங்கினார். அடுத்த கிழமை அதே அபாயா 9,000. அவர் சண்டைக்குப் போகவில்லை, அந்தக் கடைக்குத் திரும்பவும் போகவில்லை. கழிவு யாரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள்: கடையை நம்பி முதலில் வந்தவரை.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. கோச் என்ற அமெரிக்கத் தோற்பைக் கம்பனிக்கும் இதே வருத்தம் வந்தது. பெரிய பல்பொருள் அங்காடிகளில் அதன் பைகள் ஓயாமல் கழிவில் விற்கப்பட்டு, பெயரின் மதிப்புக் கரைந்தது. 2016இல் வட அமெரிக்காவில் அப்படியான சுமார் 250 அங்காடிகளிலிருந்து தன் பைகளை விலக்கிக்கொள்வதாக அந்தக் கம்பனி அறிவித்தது. பெயரைக் காப்பாற்ற, விற்பனை நடக்கும் இடங்களையே விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

"அப்படியென்றால் நாளைக்கே கழிவை நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்பவர்கள் ஜே.சி. பென்னியின் கதையையும் கேளுங்கள். அது உயர்தரக் கடை அல்ல, அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் உடுப்புக் கடை. கூப்பனும் கழிவும் அதன் வாடிக்கையாளருக்குப் பழகிப் போயிருந்தன. அப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரொன் ஜோன்சன் அங்கே தலைவராக வந்து, 2012இல் கூப்பன்களை நிறுத்தி, முதலிலேயே குறைந்த, நேரான விலையை எழுதினார். நியாயமான வேலைதான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் விற்பனை கிட்டத்தட்டக் கால்பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியை இழந்தார். கழிவைப் பார்த்தே வாங்கப் பழகிய சனத்துக்கு, கழிவு இல்லாத நியாய விலை நியாயமாகத் தெரியவில்லை. உள்ளே போவது இலகு, வெளியே வருவது அவ்வளவு இலகுவல்ல.

தம்பிக்கு ஒருவர் வேறு யோசனை சொன்னார். அட்டையில் 16,000 எழுது, 25 வீதம் கழி, 12,000 வந்துவிடும். நல்லவேளை, அவர் எங்களிடம் கேட்டார். ஒருநாளும் விற்காத விலையைப் "பழைய விலை" என்று எழுதி வெட்டுவது பொய். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷை மார்க்கம் தடுத்திருப்பது நமக்குத் தெரியும். அட்டையில் பொய் விலை எழுதுவது அதற்குப் பக்கத்து வீடு என்றே எங்களுக்குப் படுகிறது. தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல, உலமாக்களிடம் கேளுங்கள். யாவாரக் கணக்கிலும் அது தேறாது. ஊர் சிறியது, போன மாத விலை எல்லோருக்கும் தெரியும்.

எந்தக் கழிவும் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சீனி, சீமெந்து, சவர்க்காரம் போன்றவற்றில் எந்தக் கடையில் வாங்கினாலும் சாமான் ஒன்றுதான், அங்கே குறைந்த விலையே நல்ல பெயர். உயர்தரக் கடையிலும் காரணம் தெரிகிற கழிவு கெடுதி செய்யாது: கடைசி இரண்டு அளவுகள், சிறு பழுதுள்ள ஒன்று, நிறுத்தப்போகும் ஒரு வடிவம். காரணத்தை எழுதி ஒட்டுங்கள், அது தீர்ந்ததும் பதாகையைக் கழற்றுங்கள்.

"2022க்குப் பிறகு சனத்திடம் காசு இல்லையே, கழிவு கொடுத்தால் ஏழைக்கு உதவிதானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காசு குறைந்தவர்களுக்கு வேலைப்பாடு இல்லாத, எளிய துணியில் இன்னொரு அபாயாவை வேறு பெயரில் 6,000க்குத் தையுங்கள். அதன் விலையும் உண்மை, இதன் விலையும் உண்மை. ஒரே அபாயாவுக்கு இரண்டு விலை சொல்லும்போதுதான் இரண்டும் பொய்யாகின்றன.

தம்பி கடைசியில் செய்தது இது. நல்ல துணிக்கும் கைவேலைக்கும் திரும்பினார், அடக்கம் மீண்டும் 7,500. அட்டையில் 12,000ஐ அழித்து 10,500 என்று எழுதி, "இனி இதுதான் விலை, பெருநாளுக்கும் இதுதான்" என்று கடை வாசலில் ஒட்டினார். நீளம் குறைத்துக் கொடுப்பதையும் தையல் உத்தரவாதத்தையும் திரும்பக் கொண்டுவந்தார். முதல் மூன்று மாதம் கடை வெறிச்சோடியது, கடன் பட்டார். போன மாதம் 38 அபாயா, ஒன்றுக்கு 3,000 மிச்சம், 114,000 ரூபா. பழைய 180,000 இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. ஆனால் 70 விற்று எடுத்ததைவிட 38 விற்று எடுத்தது கூட.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, இன்றிரவு பில் புத்தகத்தை எடுங்கள். போன மாதம் முழு விலைக்குப் போனது எத்தனை, கழிவில் போனது எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் கழிவில் போயிருந்தால், கழிவு விலைதான் உங்கள் விலை. கழிவு நாளின் விற்பனையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல் அதற்கு முந்திய இரண்டு கிழமையையும் பிந்திய இரண்டு கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். பலநேரம் புதிய ஆள் வந்திருக்காது. வழமையாக வருபவர்தான் காத்திருந்து வாங்கியிருப்பார்.

இன்னும் இலகுவான அளவுகோல் ஒன்று உண்டு. கடைக்கு வரும் ராத்தாமார் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "இது என்ன துணி தம்பி?" என்று கேட்டால் உங்கள் பெயர் நிற்கிறது. "எப்ப கழிவு போடுவீங்க?" என்று கேட்டால் அது போய்க்கொண்டிருக்கிறது.

அல்லாஹ் நம் யாவாரங்களில் பரகத் செய்வானாக.