ஒரே நாளில் விழுந்த கோடு

நம் குடும்பப் புலனக் குழுக்களில் பங்குச் சந்தைப் படம் ஒன்று வந்துவிட்டால் போதும், பதில் வரிசையாக வரும். “போச்சு!”, “நான் அப்பவே சொன்னேன்ல?” படத்தில் என்ன இல்லை என்று கேட்பவர் மட்டும் குறைவு.

டாப் குளோவை எடுத்துக்கொள்வோம். கோவிட் காலத்தில் கையுறைப் பங்குகளைப் பற்றிப் பேசாத வீடு இருந்ததா என்ன! 2020 செப்டம்பரில் அதன் விலைக்கோடு 26 ரிங்கிட்டை ஒட்டிய இடத்திலிருந்து 9 ரிங்கிட்டுக்கும் கீழே, இடையில் படியே இல்லாமல், ஒரே நாளில் இறங்கியது. அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

உண்மையில் யாருடைய பணமும் கரையவில்லை. கையில் இருந்த ஒவ்வொரு பங்குக்கும் நிறுவனம் இரண்டு போனஸ் பங்குகளைக் கொடுத்தது. 100 பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது 300 பங்கு. முன்பு 100 பங்கு தலா 26 ரிங்கிட், மொத்தம் 2,600. பிறகு 300 பங்கு தலா சுமார் 8 ரிங்கிட் 67 காசு. அதுவும் 2,600தான். ஒரு ரொட்டியை மூன்றாகக் கிழித்த கதை.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பூர்சா மலேசியாவின் விலை வரம்பு இதுபோன்ற பங்கை ஒரே நாளில் 30 விழுக்காட்டுக்கு மேல் விழ விடாது. ஆகவே மூன்றில் இரண்டு பாகம் சட்டென்று காணாமல் போனால், விலையைப் பார்க்கும் முன் பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். பூர்சா இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளில் போனஸ் விவரம் தேதியோடு இருக்கும்.

பல செயலிகள் பழைய விலையையும் மூன்றால் வகுத்துக் கோட்டைச் சரிப்படுத்திவிடும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2020-இன் முற்பகுதியில் 6 ரிங்கிட் கொடுத்து வாங்கியவரின் விலை, சரிப்படுத்திய படத்தில் 2 ரிங்கிட்டாகத் தெரியும். “நான் ஆறுக்கு வாங்கினேன்” என்று மாமா சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, அப்படியென்றால் டாப் குளோவ் விழவே இல்லையா? விழுந்தது, நன்றாகவே விழுந்தது. பெருந்தொற்று தணிந்து கையுறைத் தேவை குறைந்ததும் விலை மாதக்கணக்கில் தேய்ந்து, 2022-இல் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே போனது. அது பணம் கரைந்த வீழ்ச்சி. ஆனால் 2020-இன் சில மாதங்களை மட்டும் வெட்டி எடுத்த படத்தில் ஏற்றம்தான் தெரியும். அந்த நேரத்தில் பெரும்பாலும் சுற்றி வந்ததும் அந்த வகைப் படம்தான்.

அதனால் அடுத்த முறை யாராவது படம் அனுப்பினால், பங்கின் பெயரையும் தொடக்க, முடிவுத் தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அதே பங்கை உங்கள் செயலியில் ஐந்தாண்டுக்கு விரித்துப் பாருங்கள். அனுப்பியவரிடம் தேதியே இல்லையென்றால், அந்தப் படத்தை வைத்து வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.