அக்குளில் நெறி கட்டினால் பற்றுப் போடாதீர்கள்!

"வைத்தியரய்யா, கக்கத்துல நெறி கட்டியிருக்கு. வலியே இல்ல. நானும் மூணு மாசமா பற்றுப் போடுறேன், கரையல. வேற நல்ல பற்றா குடுங்க."

வத்தலக்குண்டில் என்னிடம் வந்த ஐம்பது வயது அம்மா கேட்டது இது. "பற்று இருக்கட்டும் தாயி, முதல்ல மார்பைப் பரிசோதிக்கணும்" என்றேன். அவருக்குத் திகைப்பு. "கட்டி கக்கத்துலதானே இருக்கு?"

நியாயமான கேள்வி. நம் ஊர்க் கண்மாயை வைத்தே பதில் சொல்கிறேன். கொடைக்கானல் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி முதல் கண்மாயில் சேரும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மார்பிலும் அப்படித்தான். அங்கே சுரக்கும் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அந்தப் பக்கத்து அக்குளுக்கு வடிகிறது. மீதியில் பெரும்பகுதி நெஞ்செலும்பின் ஓரத்துக்குப் போகிறது. வழியில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள்தான் கண்மாய்கள். மார்பில் புற்று இருந்தால், அதிலிருந்து பிரியும் செல்கள் நிணநீரோடு வந்து முதல் முடிச்சில் தங்கிப் பெருகும். பிறகு அக்குளின் மேல் முடிச்சுகளுக்கும், காறை எலும்புக்கு மேலேயும் ஏறும். மார்புக் கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவில் இருக்கும்போதே அக்குள் வீங்குவதும் உண்டு.

கையில் புண், சிரங்கு இருந்தாலும் நெறி கட்டும்தான். அது பெரும்பாலும் வலிக்கும், புண் ஆறினால் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். வலியில்லாமல், கெட்டியாக, நாளுக்கு நாள் பெருத்தால் சந்தேகப்படுங்கள். காசநோயிலும் இப்படி வரலாம். எது என்று நாடி பார்த்தோ தடவிப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. மார்புக்கு மேமோகிராம், அக்குளுக்கு ஸ்கேன், ஊசி குத்திச் சதைப் பரிசோதனை, இவைதான் சொல்லும்.

சீக்கிரம் வந்தால் ஒரு லாபம் உண்டு. அக்குளில் வீக்கம் தெரியாத நிலையில், ஆபரேஷனின்போது மார்பில் நீலச் சாயம் செலுத்துகிறார்கள். சாயம் முதலில் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவை சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடுவதில்லை. மொத்தமாக எடுத்துவிட்டால் நிணநீர் வடிய வழியில்லாமல் சிலருக்குக் கை வீங்கிப்போகும். ஆனால் முடிச்சு சுத்தம் என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது. புற்று ரத்தத்தின் வழியாகவும் பரவும். அதனால்தான் அதற்குப் பிறகும் மருந்து தருகிறார்கள்.

அந்த அம்மாவை மதுரைக்கு அனுப்பினேன். மார்பில் சின்னக் கட்டி, அக்குளில் பல முடிச்சுகளில் புற்று. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நடமாடுகிறார், ஆனால் அந்தக் கை கனமாக இருக்கிறதாம். பற்றுதான் நோயைப் பரப்பியது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதத்தை அது தின்றது. அதுவே குற்றம்தான்.

நான் சித்த மருத்துவம் படித்தவன், அதை மதிப்பவன். அதனாலேயே சொல்கிறேன்: காரணம் தெரியாத அக்குள் கட்டிக்குப் பற்று அரைக்கும் வைத்தியரிடம் போகாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.