அவர் வாசித்தார், அதனால் என்ன?

போன வாசிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் தான் எழுதிய சிறுகதையைப் படித்தார். உவரிக்கு மேற்கே, தேரிக்காட்டை ஒட்டிய சேரித் தெருவில் ஒரு இளைஞர். கம்பி கட்டும் வேலை. அமீரகத்தில் மாதம் 1500 திர்ஹாம் என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். அதை நம்பி வட்டிக்கு வாங்கிய 90,000 ரூபாயைக் கட்டுகிறார். விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. மொத்தம் அதே 1500தான். ஆனால் முதல் படத்தில் Basic Salary 1500 என்றிருந்த வரி இப்போது 800 ஆகியிருக்கிறது. மீதி 700 சாப்பாட்டுப் படி, இதர படி என்று கீழே இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பேசிக் மாறிருக்கே?"

"ஏல, கைக்கு வர்றது ஆயிரத்தஞ்நூறு தான? அதப் பிரிச்சுப் போட்டா ஒனக்கென்ன?"

இளைஞர் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பிறகு கையெழுத்துப் போடுகிறார். கதை அவ்வளவுதான்.

வட்டத்தில் ஒரே கூச்சல். "கண்டுபிடித்தும் கையெழுத்துப் போட்டால் அவர் கோழை" என்றார் ஒரு சட்டக் கல்லூரி மாணவர். "மொத்தத் தொகை மாறவே இல்லையே, இதில் மோசடி எங்கே?" என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முதலில் முக்கியம். ஏனென்றால் ஏஜென்ட் கேட்டதும் அதே கேள்விதான்.

கணக்குப் போடுவோம், தோழர்களே. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி ஓவர்டைம் கூலி அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்காகும். மணிக்கூலியோடு குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். அடிப்படை 1500 என்றால் நாளுக்கு 50, எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 6.25, ஓவர்டைமுக்கு ஏறக்குறைய 7.80. அடிப்படை 800 என்றால் அதே ஒரு மணிநேரத்துக்கு 4.17தான். நாளுக்கு இரண்டு மணிநேரம், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 406 திர்ஹாம் வர வேண்டிய இடத்தில் 217 வரும். மாதம் 189 திர்ஹாம் போச்சு.

வேலை முடிந்து ஊர் திரும்பும்போது தரும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தில்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, வருடத்துக்கு 21 நாள் கூலி. மூன்று வருடம் உழைத்தவருக்கு முதல் படத்தின்படி 3150 வர வேண்டும், இரண்டாவது படத்தின்படி 1680தான். ஓவர்டைம் இழப்பையும் சேர்த்தால் மூன்று வருடத்தில் 8000 திர்ஹாமுக்கு மேல் போகிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பைசா குறைக்காமல், ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க வேறொரு மரக்கால் என்று பண்ணையார்கள் வைத்திருந்ததை நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தச் சின்ன மரக்கால்தான் இந்த 800.

இனி அந்தக் கோழை பட்டத்துக்கு வருவோம். 2016 ஜனவரி 1 முதல் அமீரகத்தில் ஒரு விதி உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் முன்பே, தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கான மொழிகளில் தமிழும் இருக்கிறது. பின்னால் போடும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தைவிடத் தொழிலாளிக்குப் பாதகமாக இருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் நம் இளைஞர் கையில் இருந்தது அந்தக் கடிதம் அல்ல. யாரோ ஒரு கம்பெனி லெட்டர்பேடில் அடித்த தாளின் படம். அதில் பதிவு எண்ணும் இல்லை, தமிழும் இல்லை, இரண்டாம் பக்கமும் இல்லை. முதல் ஸ்கிரீன்ஷாட் வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்: அமைச்சகப் படிவம் எங்கே, தமிழில் எங்கே, முழு பிடிஎஃப் எங்கே?

கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அது யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். அவரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு என்கிறது அரசு. நடப்பது என்ன? அனுமதி அலுவலகத்தின் வாசலுக்கே போகாமல் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். பத்தாவதுக்கு முன்பே யாரெல்லாம் பள்ளியை விட்டு நின்றார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெறாதவர் ஆள் எடுப்பதே குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அந்த அண்ணாச்சி வாங்கியது மூன்று மடங்கு, ரசீதும் இல்லை. இரண்டாவது படம் வந்தபோது பணம் அவர் கையில், பாஸ்போர்ட் அவர் கையில், வட்டி இளைஞரின் தலையில். படம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். கடன் வாங்குவதற்கு முன்னால் அது வந்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு" என்று விழிப்புணர்வு முகாம் நடத்துகிறவர்களுக்கு இந்த நாள் கணக்கு மட்டும் கண்ணில் படுவதில்லை. முகாமில் தரும் பிஸ்கட்டும் டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏஜென்டை மட்டும் திட்டி ஓயவும் எங்களால் முடியவில்லை. 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசே இதைச் செய்தது. வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளிக்குக் குறைந்தது இவ்வளவு சம்பளம் என்று தானே வைத்திருந்த அளவைச் சுற்றறிக்கை போட்டுக் குறைத்தது. அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைனுக்கு 200 டாலர். கொரோனாவில் வேலையிழந்து, ஈரானில் மாட்டிக்கொண்டு, ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடியில் நம் கடற்கரை மக்கள் வந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்தியர்களின் வேலையைக் காப்பாற்றத்தான் குறைத்தோம் என்றார்கள். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் புலம்பெயர் தொழிலாளர் நல அமைப்பு வழக்குப் போட்ட பிறகு, 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். தனி ஆள் பெரிதாக்கிப் பார்த்ததால் அது நடக்கவில்லை, ஒரு சங்கம் போய் நின்றதால் நடந்தது.

கூலி கேட்டால் என்ன கிடைக்கும் என்பது இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அந்த நினைவோடு வளர்ந்த ஒரு தெருவில், தனியாக நின்று "இது திருட்டு" என்று சொல்லாதவரைக் கோழை என்று எங்களால் சொல்ல முடியாது.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, சென்னையில். உவரியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அதன் மேசை ஒன்று திசையன்விளையில் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் தமிழ் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டிச் சரிபார்க்க ஒரு ஆள் அங்கே உட்கார வேண்டும்.

கதையின் முடிவை மாற்றச் சொல்லித் தோழரை வட்டத்தில் பலர் நெருக்கினார்கள். அவர் மாற்ற மறுத்துவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் வளைகுடா போனவர்களின் போனில் கிடக்கும் ஒப்பந்தப் படங்களை அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மறைத்துக் கொண்டு வாருங்கள். எந்தத் தேதியில் வந்தது, பணம் கட்டியது எந்தத் தேதி என்று இரண்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பேசிக் வரியிலிருந்து தொடங்குவோம்.