குளுக்கோஸ் தண்ணீரை நம்பி ஒரு நோய்

"சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் கை நடுங்குகிறதா? உங்களுக்கு லோ சுகர்!" டெல்லியில் குடியிருப்போர் சங்கங்கள் நடத்தும் உடல்நல முகாம்களில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கையோடு ஒரு சீட்டும் தருவார்கள்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு ஐந்து மணி நேரச் சோதனை, தள்ளுபடி விலையில்.

நடுக்கமே சான்றாம். பதற்றத்துக்கும் தைராய்டுக்கும் மூன்றாவது டம்ளர் காபிக்கும் கை நடுங்கத்தான் செய்யும். லட்டு தின்றதும் சரியாகிறதாம். பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் பலருக்குச் சரியாகிறது.

சீட்டில் உள்ள சோதனைக்கு வருவோம். குளுக்கோஸ் தண்ணீரில் நார் இல்லை, புரதம் இல்லை, கொழுப்பு இல்லை. அது வயிற்றைக் கடந்து விறுவிறுவென்று குடலுக்குள் இறங்குகிறது. சர்க்கரை எகிற, இன்சுலினும் எகிறுகிறது. சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்சுலின் கொஞ்ச நேரம் நிற்பதால் அளவு சரிகிறது. எந்தக் கோளாறும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தச் சோதனையில் 50க்குக் கீழே போகும். சாப்பாட்டுக்குப் பிந்தைய தாழ்சர்க்கரையைக் கண்டறிய இதைச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2009இலேயே எழுதிவைத்துவிட்டது. முகாம் பேச்சாளருக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

மயூர் விஹாரில் எங்கள் மாடிவீட்டு அக்காவுக்கு நான்காம் மணி நேரத்தில் 48 வந்தது. "அப்போ எப்படி இருந்தது, அக்கா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்தேன், பேப்பர் படிச்சிட்டிருந்தேன்." படபடப்பு வருவதோ அலுவலகத்தில், பதினோரு மணிக்கு. நிஜமான தாழ்சர்க்கரை என்று சொல்ல, 1938இல் ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் சொன்ன மூன்றும் ஒரே வேளையில் சேர வேண்டும்: அறிகுறி, அந்த நிமிடத்தில் அளந்த குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் நிவாரணம். அக்காவிடம் எண் ஒரு நாள், நடுக்கம் இன்னொரு நாள்.

பிறகு ஒரு மருத்துவர் அவரை வழக்கமான காலை உணவையே சாப்பிடவைத்து, ஐந்து மணி நேரம், அரை மணிக்கொரு முறை ரத்தம் எடுத்தார். சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பினார்; டெல்லி வெயிலில் சாதாரணக் குழாய் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று எண்ணைக் குறைத்துவிடும். விரல்நுனி மீட்டரை அவர் நம்பவில்லை; தாழ்ந்த அளவுகளில் அது 15 வரை தவறலாம். அன்றும் படபடப்பு வந்தது. அந்த நேரத்து அளவு 82.

படபடக்கும்போதே 55க்குக் கீழே இறங்கியிருந்தால் கதை வேறு. அப்போது அதே ரத்தத்தில் இன்சுலினும் சி-பெப்டைடும் பார்த்திருப்பார்கள். வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்களா, உடல் எடைக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டதுண்டா என்று கேட்டிருப்பார்கள். அந்த அறுவைக்குப் பிறகு, பெரும்பாலும் ஓராண்டு கழித்து, சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நிஜமாகவே மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.