வாயைத் திறந்தால் வாட்ஸ்அப் போச்சு!

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரர் என்று வைத்துக் கொள்வோம். வியாபார மும்முரத்தில் போன் வருகிறது. "அண்ணே, எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் தவறி உங்க போனுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் சொல்லுங்களேன்!"

சொன்னார். தொலைந்தது! அது அவருடைய வாட்ஸ்அப் கணக்கின் சாவி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் "அவசரமாகப் பணம் வேணும்" என்று அவர் பெயரில் செய்தி பறக்கும்.

இதற்குத்தான் 'பாஸ்கீ'. ஆண்ட்ராய்டு போனில் 2023-லும், ஐபோனில் 2024-லும் வாட்ஸ்அப் இதைக் கொண்டு வந்தது. Settings, Account, Passkeys என்று போய் உண்டாக்கி விட்டால், கணக்கை மறுபடி திறக்க விரல் ரேகையோ முகமோ போதும். ரேகை போனை விட்டு வெளியே போவதில்லை. எண் என்று எதுவும் இல்லாததால் வாய் தவறிச் சொல்லவும் வழியில்லை.

ஆனால் ஒரு சங்கதி. பாஸ்கீ போட்டாலும் எஸ்.எம்.எஸ். வழி அடைபடுவதில்லை. வாசலுக்குப் புதுப் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி! அதற்குத் தாழ்ப்பாள், Two-step verification-இல் நாமே வைக்கும் ஆறு இலக்க 'பின்'. எஸ்.எம்.எஸ். எண் கைமாறினாலும் இது தெரியாமல் மோசடிப் பேர்வழி உடனே நுழைய முடியாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தங்கள் போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்ய வேண்டும். புதிதாக வரும் எண்ணைப் போட்டதுமே அந்த ஆசாமி வெளியே!