பஸ்ஸுக்குக் காத்திருந்த மழை!

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இன்னும் பத்தே நாள். ஹாஸ்டல் ரூமில் மாடல் பேப்பர் போட்டுக்கிட்டிருந்தோம். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிடுற ரூம்மேட், 'சென்டென்ஸ் இம்ப்ரூவ்மென்ட்'டில் மட்டும் பத்துக்கு மூணு! பகுதிவாரியா கட்-ஆஃப் வெச்சா, கணக்கில் எவ்வளவு அள்ளினாலும் ஆள் அவுட். "எல்லா ஆப்ஷனும் எனக்குச் சரியாத்தான் மச்சி கேக்குது"ன்னு தலையில் கை வெச்சுக்கிட்டான். அவன் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். பயபுள்ள தமிழில் கரெக்டா யோசிச்சதாலதான் வழுக்கியிருக்கான்!

கேள்வி இதுதான்: 'வெய்ட்டிங் ஃபார் த பஸ், த ரெய்ன் ட்ரென்ச்ட் ரவி.' கமாவுக்கு அப்புறம் வர்ற பகுதிக்குத்தான் அடிக்கோடு.

தமிழில் 'பஸ்ஸுக்குக் காத்திருந்தப்போ மழை நனைச்சிருச்சு'ன்னா யாரும் முறைக்க மாட்டாங்க. 'காத்திருந்தப்போ'வுக்கு ஒரு ஆள், 'நனைச்சிருச்சு'வுக்கு வேற ஆள் இருக்கலாம். ஆனா, இங்கிலீஷில் வாக்கியத்தோட தலையில் எழுவாய் இல்லாம ஒரு 'இங்' வந்தா, அது நம்ம 'சாப்பிட்டுட்டுத் தூங்கினான்' மாதிரி. சாப்பிட்டவனேதான் தூங்கணும். கமாவைத் தாண்டினதும் யார் நிக்கிறாங்களோ, அவங்கதான் காத்திருந்த ஆள். இங்கே நிக்கிறது மழை. அதாவது, பஸ்ஸுக்குக் காத்திருந்தது மழை!

நம்மாளு டிக் அடிச்சது, 'ரவி'ஸ் ஷர்ட் வாஸ் ட்ரென்ச்ட் பை த ரெய்ன்.' "அதான் ரவி வந்துட்டான்ல?"ன்னு கேட்டான். வந்தது ரவி இல்லப்பா, அவன் சட்டை. பேருக்குப் பின்னாடி ஒரு 'ஸ்' ஒட்டிக்கிட்டா எழுவாய் அடுத்த சொல்லுக்குத் தாவிடும். கேள்வி தயாரிக்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொறி இது.

சரியான விடை, 'ரவி வாஸ் ட்ரென்ச்ட் பை த ரெய்ன்.' அதை ஏன் விட்டான்? 'பாசிவ் வாய்ஸ் வந்தா தப்பு'ன்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அப்படி எல்லாம் சட்டம் கிடையாது. அடிக்கோடு பின்பாதியில் இருந்தா முன்பாதியைத் தொட முடியாது. ரவியை முன்னாடி கொண்டுவர பாசிவ்தான் வழின்னா, பாசிவ்தான் விடை.

அடிக்கோடு முன்பாதியில் இருந்தா கதை தலைகீழ். அப்போ 'வைல் ஹி வாஸ் வெய்ட்டிங்'னு அங்கேயே ஓர் ஆளைக் கூட்டிட்டு வரணும். வெறும் 'வைல் வெய்ட்டிங்' போட்டா, காத்திருக்கிறது மறுபடியும் மழைதான். ('கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' மாதிரி சிலதுக்கு மட்டும் ஆள் தேட வேண்டாம். பழகிப்போய் விட்டுட்டாங்க.)

ஒப்பிடுறதிலும் இதே வழுக்கல். 'த சாம்பார் இன் அவர் ஹாஸ்டல் இஸ் தின்னர் தன் யுவர் ஹாஸ்டல்.' எங்க மெஸ் சாம்பாருக்கு இது பொருந்தும்தான். ஆனா, வாக்கியம் சாம்பாரை ஹாஸ்டல் கட்டடத்தோட ஒப்பிடுது! பேச்சுத் தமிழில் 'உங்க ஹாஸ்டலைவிட எங்க சாம்பார் தண்ணி'ன்னா புரிஞ்சுப்போம். அங்கே 'தன் தட் இன் யுவர் ஹாஸ்டல்'னு சாம்பாருக்கு ஒரு பதிலாள் வேணும். இட்லிகளா இருந்தா 'தட்' இல்லை, 'தோஸ்'.

கடைசியா பட்டியல். 'ரீடிங், சிங்கிங் அண்ட் டு டான்ஸ்'னா அவனே பிடிச்சுடுறான். மாட்டினது இதில்: 'த பஸ் வாஸ் ஸ்லோ, க்ரௌடட் அண்ட் இட் ப்ரோக் டௌன் ட்வைஸ்.' 'வாஸ்'ஐ ஒவ்வொண்ணோடவும் சேர்த்துப் படிங்க. வாஸ் ஸ்லோ, ஓகே. வாஸ் க்ரௌடட், ஓகே. வாஸ் இட் ப்ரோக் டௌன்... இடிக்குதா? ஆப்ஷனில் 'ஸ்லோ, க்ரௌடட் அண்ட் ப்ரோக்கன்'னு ஒண்ணு அழகா வரிசை கட்டி நின்னுச்சு. டபக்னு அதில் விழுந்துட்டான். ஆனா, ரெண்டு தடவை நின்னுபோன பஸ்ஸும் உடைஞ்சு கிடக்கிற பஸ்ஸும் ஒண்ணா? அர்த்தம் மாறினா வரிசை எவ்வளவு அழகா இருந்தாலும் அவுட். விடை, 'ஸ்லோ அண்ட் க்ரௌடட், அண்ட் இட் ப்ரோக் டௌன் ட்வைஸ்.' ரெண்டைப் பட்டியலா முடிச்சுட்டு, மூணாவதைத் தனி வாக்கியமா கோத்துட்டாங்க. ரெண்டு 'அண்ட்' வந்தா தப்புன்னு இதையும் ஒதுக்கியிருந்தான்!

மறுபடி பத்துக் கேள்வி கொடுத்தேன். ஏழு. தப்பான மூணில் ஒண்ணு, அதே சட்டை.