ஆளெண்ணிக்கையைக் குறைப்பதற்காக யாரையும் கூட்டாளி ஆக்காதீர்கள்

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பருக்குப் பின் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம்) டெய்ரி ஃபார்ம் பகுதியில் அழகு நிலையம் நடத்தும் அக்கா ஒருவர் களப்பணியின்போது என்னிடம் கேட்டார்: “இப்ப ஒன்பது பேர் வேலை பாக்குறாங்க தம்பி. இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கணும். கம்பெனி ஆக்கிரலாமா, இல்ல பழைய பொண்ணுங்க ரெண்டு பேரையும் பார்ட்னரா போட்டுரலாமா? கணக்கு பாக்குறவர் ரெண்டாவதுதான் நல்லதுங்கிறாரு.”

அந்த இரண்டாவது ஆலோசனையை எதிர்த்தே இப்பதிவை எழுதுகிறேன். என் எதிர்ப்பு கணக்கு பார்ப்பவரோடு நிற்கவில்லை. ஆய்வுலகில் இருக்கும் நம்மீதும் அதில் ஒரு பங்கு உண்டு.

நம்மீதான குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில் முறைசார்ந்ததா, முறைசாராததா என்று வகுக்கும்போது சட்ட வடிவத்தையே நாம் அளவுகோலாகக் கொள்கிறோம். அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் முறைசாராத் துறைக்குக் கொடுத்த வரையறையில், தனி உரிமையிலோ கூட்டாண்மையிலோ நடப்பது, பத்துக்கும் குறைவான பேர் வேலை செய்வது ஆகிய இரண்டும் இடம்பெற்றன. அதே ஆணையம் முறைசாராத் தொழிலாளர் யார் என்பதைத் தனியாக வரையறுத்தது. முறைசார்ந்த நிறுவனத்தில் இருந்தாலும் சமூகப் பாதுகாப்பு இல்லாதவர் முறைசாராத் தொழிலாளரே என்றது. நாம் முதல் வரையறையை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை மறந்தோம். அதனால்தான் ‘பிரைவேட் லிமிடெட்’ என்ற பலகை தொங்கினால் வளர்ச்சி என்றும், தனி உரிமை நீடித்தால் தேக்கம் என்றும் கட்டுரை எழுதுகிறோம்.

தொழிலாளர் சட்டம் பலகையைப் பார்ப்பதில்லை, தலைகளை எண்ணுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், அதற்கு முந்தைய சட்டங்களிலும், பணிக்கொடைக்குப் பத்துப் பேர், வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் என்பதே வரம்பு. முதலாளி தனி மனிதரா, கூட்டாண்மையா, கம்பெனியா என்பது அந்த எண்ணை மாற்றாது. ஆகவே ‘ஆள்கள் பெருகிவிட்டார்கள், வடிவத்தை மாற்ற வேண்டும்’ என்ற வாதத்துக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை. ஆனால் வடிவத்தை மாற்றி எண்ணும் தலைகளைக் குறைக்கலாம். கணக்கு பார்ப்பவர் கண்ட வழி அதுதான்: பதினொரு பேரில் இருவரைக் கூட்டாளியாக்கினால் மீதி ஒன்பது.

இந்த வழி புதியதன்று. இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் இராமானுஜா தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் இடையே உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 1985ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கிறது. சம்பளம் பெற்று வேலை செய்யும் கூட்டாளியைத் தொழிலாளராக எண்ணலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. எண்ணக் கூடாது என்றது நீதிமன்றம். கூட்டாண்மைக்குத் தனி ஆளுமை இல்லை; கூட்டாளிகள் சேர்ந்ததே நிறுவனம்; ஒருவர் தமக்குத் தாமே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருக்க இயலாது என்பது அதன் தர்க்கம். தர்க்கத்தில் குறையில்லை. கூட்டாளி என்ற பெயர் உண்மையாக இருக்கும்வரை அது நியாயமும்கூட. பெயர் பொய்யாகும்போது என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பதினொரு பேர் வேலை செய்யும் பார்லரின் மாத வரவு 5,00,000 ரூபாய் என்க. ஆளுக்கு 20,000 வீதம் சம்பளம் 2,20,000, வாடகை 60,000, கப்பலில் வரும் கிரீம், சாயம் முதலிய பொருள்கள் 80,000, மின்சாரமும் சில்லறைச் செலவும் 40,000, வங்கித் தவணை 30,000. மீதி 70,000. மூத்த ஊழியர்கள் இருவருக்கும் ஆளுக்குப் பத்து விழுக்காடு பங்கு என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதாவது மாதம் 7,000 ரூபாய் கூடுதல். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

அவர்கள் இழப்பது என்ன? 20,000 ரூபாய் சம்பளத்தில், 26 நாளுக்குப் 15 நாள் என்ற கணக்குப்படி, ஓர் ஆண்டுப் பணிக்குப் பணிக்கொடை 11,538 ரூபாய். ஏழாண்டு வேலை செய்தவருக்கு அது 80,769 ரூபாய். கூட்டாளியான இருவர் மட்டும் அதை இழப்பதில்லை. எண்ணிக்கை பத்தைத் தொடாததால் மற்ற ஒன்பது பேருக்கும் அந்த உரிமை பிறப்பதே இல்லை. (ஒருமுறை பத்தைத் தொட்டிருந்தால் பின்னர் எண்ணிக்கை குறைந்தாலும் பொறுப்பு நீங்காது. அதனால்தான் புதியவர்கள் வருவதற்கு முன்பே பத்திரத்தை எழுதச் சொல்கிறார்கள்.)

அவர்கள் ஏற்பது அதைவிடப் பெரிது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 25ஆம் பிரிவு: நிறுவனத்தின் செயல் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கூட்டாளிகளும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பார்லர் நொடித்து, வங்கிக்கு 8 லட்சம், பொருள் கொடுத்தவருக்கு 2 லட்சம், வாடகை பாக்கி 2 லட்சம் என 12 லட்சம் கடன் நின்றால், கடன் கொடுத்தவர் அம்மூவரில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். ‘எனக்குப் பத்து விழுக்காடுதான்’ என்பது கூட்டாளிகளுக்குள் பேசத் தக்க வாதம், கடன்காரரிடம் செல்லாது. உரிமையாளர் கையை விரித்துவிட்டால், மாதம் 7,000 ரூபாய்க்குக் கையெழுத்திட்ட பெண்ணின் நகையும் வீடும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேலையை விட்டு விலகிவிட்டால் போதும் என்பீர்கள். போதாது. விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடும்வரை, அவரைக் கூட்டாளி என்று அறிந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்களிடம் பொறுப்பு தொடர்கிறது. பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குப் போடலாம் என்பீர்கள். நிறுவனம் பதிவாகாதது என்றால் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: பங்கைக் கேட்டு வழக்காட முடியாது; நிறுவனத்தையே கலைக்கச் சொல்லித்தான் வழக்காடலாம். தன் கூலியைப் பெறத் தன் வேலையிடத்தை மூட வேண்டும்.

அப்படியானால் பிரைவேட் லிமிடெட் கம்பெனிதானே விடை என்பார்கள் வணிகவியல் நண்பர்கள். கடனுக்கு எல்லை உண்டு, சலோமன் வழக்கில் 1897இலேயே முடிவான விஷயம் இது என்பார்கள். அந்த வழக்கை நாம் வகுப்பில் தனி ஆளுமையின் வெற்றியாகக் கற்பிக்கிறோம். காலணி வணிகர் ஒருவர் தம் தனித் தொழிலைக் கம்பெனியாக்கினார், அது நொடித்தது, ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். டெய்ரி ஃபார்ம் பார்லரில் அந்தக் கேடயம் அவ்வளவு உறுதியாக இருக்காது. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி இயக்குநரிடம் சொந்தப் பிணை கேட்கும். கையெழுத்திட்ட நொடியில் மேற்சொன்ன 12 லட்சத்தில் 8 லட்சம் மீண்டும் சொந்தக் கடனாகிவிடும். வாடிக்கையாளரின் தலைத்தோலைத் தம் கையால் வேதிப்பொருளிட்டுப் புண்ணாக்கியவர், கம்பெனியின் பின்னால் முழுமையாக ஒளிய முடியாது. கேடயம் உண்மையில் காப்பது வாடகைக்கும் பொருள் கடனுக்கும் எதிராக மட்டுமே.

அந்தக் காப்புக்கு விலை உண்டு. வரவு எவ்வளவு சிறிதாயினும் தணிக்கையாளர் கட்டாயம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் உரிய நாளில் பதியாவிட்டால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவங்கள் 180 நாள் தாமதமானால் 36,000 ரூபாய். நம் கணக்கில் அது ஒரு மாத மீதியின் பாதிக்கும் மேல். மூன்றாண்டு தொடர்ந்து பதியாத கம்பெனியின் இயக்குநர் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார். 2017இல் இப்படித் தகுதி இழந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

தீவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மூத்த ஊழியருக்குப் பத்து விழுக்காடு பங்கு கொடுத்துவிட்டு உரிமையாளர் அவரை ஒதுக்கினால், சிறுபான்மைப் பங்குதாரராக அவர் முறையிட வேண்டிய தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வு கொல்கத்தாவில் இருக்கிறது. இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். கூட்டாண்மைத் தகராறு என்றால் ஊர் நீதிமன்றத்திலேயே பேசலாம். காகிதத்தில் உரிமை ஒன்றுபோல் தோன்றினாலும், அதை அடையும் தொலைவு ஒன்றன்று.

ஆகவே என் நிலைப்பாடு இது. முதலும் முடிவும் ஒருவருடையதாக இருக்கும்வரை பார்லர் தனி உரிமையிலேயே இருக்கட்டும், பதினொரு பேர் வேலை செய்தாலும். வரிக் கணக்கும் இதற்கு எதிராக இல்லை. ஆண்டு மீதி 8.4 லட்சம் என்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உள்ள தள்ளுபடியால் தனி உரிமையாளருக்கு வருமான வரி எழாது. கூட்டாண்மையோ, கூட்டாளிகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஊதியம் போக மீதிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு கட்ட வேண்டும்.

தனி உரிமைக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. கடன் முழுவதும் அந்த ஒருவர் தலையில்தான். அவர் இறந்தால் குத்தகையும் உரிமமும் வங்கிக் கணக்கும் தடுமாறும், பதினொரு பேரின் சம்பளமும் நிற்கும். வாடகை ஒப்பந்தத்தில் வாரிசுக்குத் தொடரும் என்ற வரியும், வாடிக்கையாளர் இழப்பீட்டுக்கான காப்பீடும் அதைக் குறைக்கும், நீக்கிவிடாது. இரண்டாவது கிளை, வெளியார் முதலீடு, உரிமையாளருக்குப் பின்னும் நிற்க வேண்டிய பெயர் ஆகியவை வரும்போது கம்பெனிக்கு நியாயம் பிறக்கிறது. அப்போது தணிக்கைச் செலவும் தாங்கத் தக்கதாகும்.

மூத்த ஊழியர்களுக்கு இலாபத்தில் பங்கு தர உண்மையான விருப்பம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்கிறது: ஊழியர் இலாபத்தில் ஒரு பகுதியை ஊதியமாகப் பெறுவதால் மட்டும் கூட்டாளியாகிவிட மாட்டார். பணி நியமனக் கடிதத்தில் மாத மீதியில் பத்து விழுக்காடு ஊக்கத்தொகை, இழப்பில் பங்கில்லை, நிறுவனத்தின் பெயரில் கடன் வாங்கும் அதிகாரமும் இல்லை என்று மூன்று வரிகள் எழுதினால் போதும். அதே 7,000 ரூபாய் அவர் கைக்கு வரும். பணிக்கொடையும் நிலைக்கும், வீடும் பிழைக்கும்.

அக்காவிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். அந்த இருவரும் பணம் போட்டிருக்கிறார்களா? வங்கிக் காசோலையில் அவர்கள் கையெழுத்து இருக்குமா? கணக்குப் புத்தகத்தை அவர்கள் நினைத்தபோது திறந்து பார்க்கலாமா? மூன்றுக்கும் இல்லை என்றார். “அப்போ அவங்க பார்ட்னர் இல்லையே அக்கா” என்றேன். சற்று நேரம் கழித்து, “ஆமா, வேலைக்காரங்கதான். அவங்களுக்குத் தெரியாம கடன்ல மாட்டி விட்டுறப் பார்த்தேன்” என்றார்.

இனி முறைசார்தல் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர்கள், எத்தனை கம்பெனிகள் பதிவாயின என்று எண்ணுவதற்கு முன், எத்தனை ஊழியர்கள் கூட்டாளி என்ற பெயரில் எண்ணிக்கையிலிருந்து மறைந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். அந்த மூன்று கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.